பிராண்டுக்கு இன்வாய்ஸ்: எண் முதல் கெடு தேதி வரை

மதுரையில் ஒரு சமையல் சேனல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடத்துபவர் ஒரு பெண். தனி ஆள், கம்பெனி எதுவும் பதிவு செய்யவில்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மிக்ஸி நிறுவனம் ஒன்று அவரைத் தேடி வருகிறது. பத்து நிமிட வீடியோவில் ஒன்றரை நிமிடம் மிக்ஸியைக் காட்ட வேண்டும், கூடவே ஒரு ஷார்ட்ஸ். பேரம் ரூ.1,20,000-இல் முடிகிறது. அன்றிரவே அவர் கைபேசியில் ஒரு பில் தயாரிக்கிறார். மேலே சேனலின் பெயர், நடுவில் ‘ஸ்பான்சர்ஷிப் – ரூ.1,20,000’, கீழே ஜிபே எண்.

அனுப்புவதற்கு முன் ஆடிட்டரிடம் காட்டுகிறார். ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி: “ஏம்மா, உங்க பேங்க் அக்கவுண்ட் சேனல் பேர்லயா இருக்கு?”

இல்லை, அவருடைய சொந்தப் பெயரில்தான் இருக்கிறது. பான் கார்டும் அப்படியே. அந்த பில் போயிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள், பதிலும் வந்திருக்காது. வீடியோவைப் பார்த்து ரசித்து ஒப்புதல் தருபவர் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கிறார். பணத்தை விடுவிப்பவர் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறார். அவர் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை, பார்க்கவும் போவதில்லை. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு தாள் மட்டுமே. அதில் ஏதாவது ஒன்று பொருந்தவில்லை என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். ஆகவே பில்லை அந்த இரண்டாவது ஆளை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். இந்த அத்தியாயம் மதுரைச் சேனலின் இந்த ஒரு கணக்கையே கடைசிவரை பின்தொடர்கிறது.

பில்லுக்கு முன் பேச வேண்டிய மூன்று

முதலாவது, சொன்ன தொகை ஜிஎஸ்டியைச் சேர்த்தா, சேர்க்காமலா? சேவை தருபவரின் ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த 20 லட்சத்தில் பிராண்டுகள் தரும் பணம் மட்டுமல்ல, யூடியூப் விளம்பர வருமானமும் சேரும் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வருவதால் அதற்கு வரி இல்லாமல் போகலாம்; ஆனால் மொத்த வரவைக் கூட்டும்போது அதுவும் கணக்கில் நிற்கும். மதுரைக்காரர் இரண்டையும் சேர்த்து 20 லட்சத்தைத் தாண்டியதால் பதிவு செய்தவர்.

விளம்பரச் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ‘ரூ.1,20,000’ என்று மட்டும் மெயிலில் எழுதிவிட்டால், அது வரியைச் சேர்த்த தொகை என்று நிறுவனம் வாதாட இடமுண்டு. அப்படியானால் அவருடைய கட்டணம் ரூ.1,01,695 ஆகச் சுருங்கி, மீதி ரூ.18,305 வரியாகப் போய்விடும். ‘ரூ.1,20,000, ஜிஎஸ்டி தனி’ என்று இரண்டு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் அந்தப் பதினெட்டாயிரம் கைவிட்டுப் போகாது. பதிவு இல்லாதவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் அவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. அது சட்டப்படி தவறு. அவருடைய தாளில் ‘டேக்ஸ் இன்வாய்ஸ்’ என்று தலைப்பிடாமல் வெறும் ‘இன்வாய்ஸ்’ என்று போட்டால் போதும்.

இரண்டாவது, பணம் தருவது யார்? பேசியது பிராண்டின் ஆளாக இருக்கலாம், ஒப்பந்தம் போட்டது இடையில் நிற்கும் ஏஜென்சியாக இருக்கலாம். பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., யார் பெயரில் வருகிறதோ அவருக்குத்தான் பில். ஏஜென்சி என்றால் ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும்: ‘பிராண்டிடமிருந்து எங்களுக்குப் பணம் வந்தபின் உங்களுக்குத் தருவோம்’ என்ற அர்த்தத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், பில்லில் எந்தத் தேதி எழுதினாலும் ஏஜென்சி அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டும். கையெழுத்துக்கு முன்பே அதை அடித்துவிட்டு, ஒரு கடைசித் தேதியைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது, வெண்டார் பதிவு. புதிதாக ஒருவருக்குப் பணம் தருமுன் பெரிய நிறுவனங்கள் பான் நகல், ஜிஎஸ்டி சான்றிதழ், கோடிட்டு ரத்து செய்த காசோலை ஆகியவற்றை வாங்கித் தங்கள் மென்பொருளில் பதிந்துகொள்கின்றன. இதற்கே சில சமயம் இரண்டு வாரம் ஆகும். வீடியோ வெளியான பிறகு இதைத் தொடங்கினால் அந்த இரண்டு வாரமும் கெடுவின் மேல் ஏறும். பேரம் முடிந்த நாளிலேயே தொடங்கினால் படப்பிடிப்பு நடக்கும்போதே அது முடிந்திருக்கும்.

தாளில் என்னென்ன

மதுரைக்காரரின் பேரத்தில் பாதி அட்வான்ஸ், பாதி வீடியோ வெளியான பின். ஆகவே ஆடிட்டர் சொன்னபடி இரண்டு இன்வாய்ஸ்கள். 2025 ஜூலை 4-ஆம் தேதி போட்ட இரண்டாவது இன்வாய்ஸில் இருந்தவை இவை:

- தலைப்பு: டேக்ஸ் இன்வாய்ஸ்
- தருபவர்: பான் கார்டில் உள்ளபடி பெயர், அடைப்புக்குறிக்குள் சேனல் பெயர், முகவரி, பான், ஜிஎஸ்டி எண்
- இன்வாய்ஸ் எண்: MSK/25-26/019, தேதி: 04-07-2025
- பெறுபவர்: பி.ஓ.வில் உள்ளபடி நிறுவனத்தின் முழுப்பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பி.ஓ. எண்ணும் தேதியும்
- சேவை வழங்கிய இடம்: கர்நாடகா (29); ரிவர்ஸ் சார்ஜ்: இல்லை
- சேவைக் குறியீடு: 998361, விளம்பரச் சேவை
- விவரம், தொகை, வரி விகிதம், வரித் தொகை, மொத்தம் எண்ணிலும் எழுத்திலும்
- பணம் தர வேண்டிய கடைசி நாள்: 03-08-2025
- வங்கிக் கணக்குப் பெயர், எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, உத்யம் எண், கையெழுத்து

இவற்றில் சிலவற்றை மட்டும் நின்று பார்க்கலாம். இன்வாய்ஸ் எண் ஜிஎஸ்டி விதிப்படி 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. வரிசை விடுபடக் கூடாது. சேனல் பெயர் முழுவதையும் எண்ணுக்குள் நுழைத்து 22 எழுத்து ஆக்குபவர்கள் இருக்கிறார்கள். ரிட்டர்ன் போடும்போது அரசின் இணையதளம் அதை ஏற்காது.

விவரம் எழுதும் கட்டத்தில்தான் அந்த முதல் பில் பெரிதாகச் சறுக்கியது. ‘ஸ்பான்சர்ஷிப்’ என்ற சொல்லைப் பேச்சில் எல்லாரும் சொல்கிறோம். ஜிஎஸ்டியில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு: ஒரு தனிநபர் ஒரு கம்பெனிக்கு ஸ்பான்சர்ஷிப் சேவை தந்தால் வரியைக் கட்டுவது தருபவர் அல்ல, வாங்கும் கம்பெனி; அதைத்தான் ரிவர்ஸ் சார்ஜ் என்கிறார்கள். பில்லில் ‘ஸ்பான்சர்ஷிப்’ என்று எழுதி 18 சதவீதமும் போட்டிருந்தால், அக்கவுண்ட்ஸில் கவனமான ஒருவர், “இது ரிவர்ஸ் சார்ஜ் ஆயிற்றே, நீங்கள் ஏன் வரி போட்டீர்கள்?” என்று திருப்பி அனுப்பக்கூடும். மிக்ஸியை வீடியோவில் காட்டிப் பேசுவது விளம்பர வேலை. அதை அப்படியே சொல்லிவிடலாம்.

அவர் திருத்தி எழுதிய விவரம் மூன்று வரிகள். யூடியூப் வீடியோவில் 90 நொடி தயாரிப்பு விளம்பரம், வீடியோவின் பெயர், இணைப்பு, வெளியான தேதி: ரூ.80,000. ஒரு ஷார்ட்ஸ், அதன் இணைப்பு: ரூ.20,000. அந்த ஷார்ட்ஸைப் பிராண்ட் தன் கட்டண விளம்பரங்களில் மூன்று மாதம், 04-07-2025 முதல் 03-10-2025 வரை, பயன்படுத்தும் உரிமை: ரூ.20,000. மூன்றையும் கூட்டி, அட்வான்ஸ் இன்வாய்ஸில் ஏற்கெனவே போட்ட பாதியைக் கழித்து, மீதி ரூ.60,000. இணைப்பு இருப்பதால் வேலை முடிந்ததா என்று அக்கவுண்ட்ஸ் ஆள் மார்க்கெட்டிங்கைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மூன்றாவது வரிக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

முதல் இரண்டு இலக்கங்கள்

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, மகாராஷ்டிராவுக்கு 27, புதுச்சேரிக்கு 34. தருபவர், பெறுபவர் இருவரின் எண்ணும் 33-இல் தொடங்கினால் 18 சதவீதம் இரண்டாகப் பிரியும்: சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9. பெறுபவரின் எண் வேறு மாநிலத்தது என்றால் ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரி.

மொத்தத் தொகை இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் இதில் தவறினால் பில் நிச்சயம் திரும்பும். இங்கே ஏமாற்றுவது முகவரி. பேசியது சென்னைக் கிளையின் ஆள், மிக்ஸி வந்தது சென்னைக் கிடங்கிலிருந்து என்பதால் சென்னை முகவரியைப் போட்டு 9-9 என்று பிரிப்பார்கள், பி.ஓ.வில் இருப்பதோ 29-இல் தொடங்கும் பெங்களூர் எண். பி.ஓ.வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ள எண்ணை அப்படியே பார்த்து எழுதுவதுதான் வழி. தவறான இன்வாய்ஸ் ரிட்டர்னில் ஏறிவிட்டால் கிழித்துப் போட முடியாது. கிரெடிட் நோட் போட்டு அதை ஈடுசெய்துவிட்டுப் புதிய எண்ணில் வேறு இன்வாய்ஸ் போட வேண்டும்.

கைக்கு வரும் தொகை ஏன் குறைகிறது

ரூ.60,000-க்கு ஐஜிஎஸ்டி ரூ.10,800. இன்வாய்ஸ் மொத்தம் ரூ.70,800. வங்கியில் வந்ததோ ரூ.64,800. முதல் முறை இதைப் பார்ப்பவருக்குப் பகீர் என்றிருக்கும். குறைந்த ரூ.6,000 டிடிஎஸ், அதாவது நிறுவனம் அவர் பெயரில் வருமான வரித்துறைக்குக் கட்டும் முன்வரி. 2025-26 கணக்கில் தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே பிரிவின்படி, ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டில் ரூ.50,000-க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடிப்பார்கள். சில நிறுவனங்கள் இதையே விளம்பர ஒப்பந்தமாகக் கருதி 194சி பிரிவில் தனிநபருக்கு 1 சதவீதம் மட்டும் பிடிப்பதுண்டு. எது என்று பேச்சின்போதே கேட்டுக்கொண்டால் கைக்கு எவ்வளவு வரும் என்பது முன்பே தெரியும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் இந்தப் பிரிவு எண்கள் மாறி, இந்த வகை டிடிஎஸ் 393-ஆம் பிரிவின் கீழ் வருகிறது.

இன்வாய்ஸில் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டினால் டிடிஎஸ் கட்டணத்தின் மேல் மட்டும்தான். வரியின் மேல் பிடிக்க வேண்டியதில்லை என்று நேரடி வரிகள் வாரியம் 2017-இல் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. ‘மொத்தம் ரூ.70,800’ என்று ஒரே தொகையாக எழுதினால் ரூ.7,080 பிடிபடும். பான் எண் தராமல் விட்டாலோ விகிதம் 20 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பதை 26ஏஎஸ் படிவத்தில் பார்க்கலாம்; வருமான வரி இணையதளத்தில் நுழைந்தால் கிடைக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பிடித்ததற்கான கணக்கை நிறுவனம் ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகஸ்ட் பாதியிலும் அது படிவத்தில் ஏறவில்லை என்றால், அவர்கள் கட்டவில்லை அல்லது பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒரு மெயில். அதை அந்த மாதமே அனுப்ப வேண்டும்.

மிக்ஸியையும் நிறுவனம் திருப்பிக் கேட்கவில்லை. அதன் விலை ரூ.9,000. இலவசமாக வைத்துக்கொள்ளும் பொருள்களின் மதிப்பு, ஒரே நிறுவனத்திடமிருந்து, ஆண்டில் ரூ.20,000-ஐத் தாண்டினால் அதற்கும் 10 சதவீத டிடிஎஸ் உண்டு. 2022 ஜூலை 1 முதல் இந்த விதி. மிக்ஸியோடு நின்றால் சிக்கல் இல்லை. அதே நிறுவனம் தீபாவளிக்கு ஓர் ஓவனும் அனுப்பினால் எல்லை தாண்டக்கூடும்.

கெடு எந்த நாளில் தொடங்குகிறது

‘30 நாளில் பணம்’ என்பது முழுமையான நிபந்தனை ஆகாது. எந்த நாளிலிருந்து முப்பது? இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, வீடியோ வெளியான நாளிலிருந்தா, இன்வாய்ஸை அவர்கள் ‘ஏற்ற’ நாளிலிருந்தா? மூன்றாவதில் கடிகாரம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவதிலும் ஓர் ஓட்டை உண்டு. வீடியோ தயாராகி ஒப்புதலுக்குப் போய்விட்டது. புதிய மாடல் சந்தைக்கு வருவது தள்ளிப்போகிறது, ஆகவே வெளியிட வேண்டாம் என்கிறது நிறுவனம். வேலை முடிந்தும் கெடு தொடங்கவே இல்லை. இதற்காகத்தான் மதுரைக்காரரின் ஒப்பந்தத்தில் இப்படி எழுதினார்கள்: வீடியோ வெளியான நாள், அல்லது இறுதி வடிவத்தை ஒப்புதலுக்கு அனுப்பியதிலிருந்து 15-ஆம் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அன்று இரண்டாம் இன்வாய்ஸ், அதன் தேதியிலிருந்து 30 நாளில் பணம். இன்வாய்ஸிலோ ‘30 நாள்’ என்று எழுதாமல் 03-08-2025 என்று நாளையே எழுதினார்.

முப்பதா அறுபதா என்பது பொறுமையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. ஜூலையில் இன்வாய்ஸ் போட்டால், மாதந்தோறும் ரிட்டர்ன் போடுபவர் அந்த ரூ.10,800 ஜிஎஸ்டியை ஆகஸ்ட் 20-க்குள் கட்டியாக வேண்டும். பிராண்ட் பணம் தந்ததா என்று அரசு கேட்காது. முப்பது நாள் கெடுவில் பணம் ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்துவிடும்; அறுபது நாள் என்றால் செப்டம்பர் பிறக்கும், வரியைச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். அட்வான்ஸுக்கும் இதே கதைதான்: சேவைக்கு முன்பணம் வாங்கினால், பணம் வந்த மாதத்திலேயே அதற்கு வரி விழும். ஆகவே அட்வான்ஸைக் கேட்கும்போதே அதன் 18 சதவீதத்தையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

சேவை முடிந்த 30 நாளுக்குள் இன்வாய்ஸ் போடலாம் என்று சட்டம் அவகாசம் தருகிறது. வீடியோ ஜூலை 30-இல் வெளியாகியிருந்தால், இன்வாய்ஸை ஆகஸ்ட் 1-ஆம் தேதியிட்டுப் போடுவதால் வரி கட்டும் நாள் ஒரு மாதம் தள்ளிப்போகும். கணக்குத் தெரிந்தவர்கள் மாதக் கடைசியில் இரண்டு நாள் பொறுப்பது இதனால்தான்.

நாள் கடந்த பிறகு

ஆகஸ்ட் 3 ஞாயிற்றுக்கிழமை. அடுத்த மூன்று நாளும் பணம் வரவில்லை. அவர் மார்க்கெட்டிங் ஆளின் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, அக்கவுண்ட்ஸுக்கு மெயில் அனுப்பினார், மார்க்கெட்டிங்குக்கு நகல் வைத்து: இன்வாய்ஸ் எண், பி.ஓ. எண், தொகை, கெடு முடிந்த நாள், இன்வாய்ஸின் பிடிஎஃப். கடைசியில் ஒரு வரி: ‘உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில்.’

அந்த வரிக்குப் பலம் உண்டு. udyamregistration.gov.in தளத்தில் கட்டணமின்றி இந்தப் பதிவைச் செய்யலாம். சேவைத் தொழில் செய்யும் தனிநபருக்கும் கிடைக்கும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதில் சொன்ன நாளிலும் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம். ஒப்பந்தத்தில் 60, 90 என்று எழுதினாலும் வேலையை ஏற்ற நாளிலிருந்து 45-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. 2025 ஆகஸ்டில் அந்த விகிதம் 5.75, மும்மடங்கு 17.25 சதவீதம். ரூ.64,800-க்கு மாதம் ஏறக்குறைய ரூ.930.

வட்டியைவிட நிறுவனத்தை உறுத்துவது வேறொன்று. 2023-24 முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்ந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு இந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, உண்மையில் தரும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவே உத்யம் சான்றிதழைக் கேட்டு மெயில் அனுப்புவதன் காரணம் இது. ஆனால் வேலை முடிந்த பிறகு அவசரமாகப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு அது உதவும் என்று நம்பியிருக்க முடியாது; ஒப்பந்தத்துக்கு முன்பே எண் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகும் தராவிட்டால் மாநில அரசின் தொழில் உதவிக் குழுவிடம் முறையிடலாம்.

மதுரைக்காரருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மெயிலுக்கு மறுநாள் பதில் வந்தது: கட்டணம் தயார், ஆனால் அவருடைய இன்வாய்ஸ் இன்னும் தங்கள் ஜிஎஸ்டி கணக்கில் தெரியவில்லை. அவர் ஜூலை மாத ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னை ஆகஸ்ட் 11-க்குள் போட வேண்டும். அது ஏறினால்தான் நிறுவனத்துக்கு அந்த ரூ.10,800-ஐ வரவு வைக்க முடியும். அவர் அன்றே ரிட்டர்னைப் போட்டு, தாக்கல் செய்த ரசீதின் நகலை அனுப்பினார். ஆகஸ்ட் 8-இல் பணம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவர்களுக்கு இந்தத் தாமதம் இன்னும் நீளும். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, அவர்கள் பெரிய பில்களை மட்டும் அடுத்த மாதம் 13-க்குள் ஏற்றிவிடத் தனி வசதி இருக்கிறது.

மூன்றாவது வரி

இன்வாய்ஸில் 03-10-2025 என்று உரிமை முடியும் நாளை எழுதியது நினைவிருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஓடும் விளம்பரங்களை மெட்டாவின் விளம்பர நூலகத்திலும், யூடியூபில் ஓடுபவற்றைக் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்திலும் யார் வேண்டுமானாலும் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அக்டோபர் 10 அன்று அவர் பார்த்தபோது அவருடைய ஷார்ட்ஸ் இன்னும் விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தது. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். ஒப்பந்தத்தில் ‘நீட்டிப்பு மூன்று மாதத்துக்கு ரூ.20,000, ஜிஎஸ்டி தனி’ என்று முன்பே இருந்ததால் புதிய பேரம் தேவைப்படவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, ‘நிறுத்துகிறீர்களா, நீட்டிக்கிறீர்களா?’ என்று மார்க்கெட்டிங்குக்கு எழுதினார். நான்கு நாளில் புதிய பி.ஓ. வந்தது; அதிலும் 29-இல் தொடங்கும் அதே ஜிஎஸ்டி எண்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த வரிசை எண்ணில் ஓர் இன்வாய்ஸைத் தொடங்கினார்.